சப்ளையரே ஸ்டாக் முடிவு செய்யும் ஏற்பாடு: மீன் கறித்தூள் இல்லை, இறைச்சிக் கறித்தூள் வைக்க இடமில்லை

பாகான்_மளிகை (செவ்வாய், இரவு 10.40)

வணக்கம். பட்டர்வொர்த்தில் ஒன்று, புக்கிட் மெர்தாஜாமில் ஒன்று என இரண்டு மினி மார்க்கெட் நடத்துகிறேன். மசாலா, மாவு, நெய் எல்லாம் ஒரே விநியோகஸ்தரிடம் எடுக்கிறேன். எட்டு மாதத்துக்கு முன்பு அவர்கள் ஒரு ஏற்பாடு சொன்னார்கள். இனி நான் ஆர்டர் போட வேண்டாம். என் கடைக் கம்ப்யூட்டரிலிருந்து விற்பனையும் ஸ்டாக்கும் திங்கள் இரவும் வியாழன் இரவும் அவர்களுக்குப் போகும். எது எத்தனை வேண்டும் என்று அவர்களே முடிவு செய்து புதனும் சனியும் காலையில் லோரி அனுப்புவார்கள். வி.எம்.ஐ. என்று பெயர் சொன்னார்கள்.

ஆரம்பத்தில் எனக்கு உண்மையிலேயே நிம்மதி. முன்பெல்லாம் சேல்ஸ்மேன் வாரத்துக்கு ஒருமுறை வருவார். கல்லாவில் கூட்டமாக இருக்கும், நான் அவசரத்தில் ஏதோ ஒரு எண்ணிக்கை சொல்லுவேன், சனிக்கிழமை மதியம் பார்த்தால் நாலு சாமான் இருக்காது. அந்தத் தொல்லை போய்விட்டது. லோரி வரும், டி.ஓ. என்ற டெலிவரி சீட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான்.

இப்போது பிரச்சினை. பட்டர்வொர்த் கடையில் 250 கிராம் மீன் கறித்தூள் நான்கு நாளாக ஒன்றுகூட இல்லை. கடைசியாக வந்த இரண்டு லோரியும் அதை இறக்கவில்லை. அதே லோரியில் இறைச்சிக் கறித்தூள் மட்டும் பெட்டி பெட்டியாக வந்து ஸ்டோரில் கிடக்கிறது. போன் செய்தால், "உங்கள் ஸ்டாக்கில் மீன் கறித்தூள் இருக்கிறதே" என்கிறார்கள். ஓடாத சாமானை என் தலையில் கட்டுகிறார்களா? இந்த ஏற்பாட்டை விட்டு விடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லெபோ_பாசார்_பெரியவர் (செவ்வாய், இரவு 11.15)

தம்பி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது. சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் ஏன் வந்தாய் என்று கேட்கக் கூடாது. நான் ஜார்ஜ்டவுனில் முப்பத்தி ஐந்து வருடமாக மளிகை நடத்துகிறேன். மாதக் கடைசியில் சேல்ஸ்மேனுக்கு டார்கெட் இருக்கும். அப்போது கிடங்கில் எது தேங்கி நிற்கிறதோ அது உன் கடைக்கு வரும். முன்பு உன் வாயால் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது, இப்போது அதுவும் இல்லை.

ஒன்று மட்டும் உனக்குச் சாதகம். இந்த மாதிரி ஏற்பாட்டில் விற்கும்வரை சாமான் அவர்களுடையது. விற்றதற்கு மட்டும் காசு கொடு, மீதியைத் திருப்பி ஏற்றிவிடு.

பிறை_கிடங்கு (புதன், காலை 6.50)

நான் பிறையில் ஒரு விநியோக நிறுவனத்தில் இந்த வேலையைத்தான் பதினொரு வருடமாகச் செய்கிறேன். கடைகளுக்கு என்ன அனுப்புவது என்று தினமும் முடிவு செய்கிறவன். உங்கள் சப்ளையர் நாங்கள் இல்லை என்று நினைக்கிறேன், எங்கள் லோரி நாள் வேறு.

முடிவுக்கு வருவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள் அண்ணே. இன்று கடை திறந்ததும் இரண்டு கறித்தூளையும் கையால் எண்ணுங்கள். ஷெல்ஃபில், ஸ்டோரில், கல்லாவுக்குக் கீழே, எல்லா இடத்திலும். அதே நேரத்தில் கம்ப்யூட்டர் என்ன எண்ணிக்கை காட்டுகிறது என்று எழுதி வையுங்கள். இரண்டு சாமானுக்கும் நான்கு எண்கள் வேண்டும். அப்புறம் பேசலாம்.

சுங்கை_டூவா_ராஜா (புதன், காலை 8.20)

எங்கள் கடைக்கும் இப்படித்தான் ரொட்டி வேன் வருகிறது. அவரே ஷெல்ஃபைப் பார்த்து, தேதி போன ரொட்டியை எடுத்துக்கொண்டு புதியது வைத்துவிட்டுப் போவார். எனக்கு இதுவரை ஒரு நஷ்டமும் இல்லை. நீங்களும் பழையதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தீர்ந்தது.

பிறை_கிடங்கு (புதன், காலை 8.45)

ராஜா, உங்களுடையது கிட்டத்தட்ட இதே வகை, ஆனால் இரண்டு வித்தியாசம் இருக்கிறது. ரொட்டி வேன்காரர் தன் கண்ணால் ஷெல்ஃபைப் பார்க்கிறார். விற்காததைத் திருப்பி எடுக்கும் செலவும் அவருடையது, அதனால் ஒரு பாக்கெட் கூடுதலாக வைக்கவும் யோசிப்பார். அண்ணன் கடையில் சப்ளையர் ஷெல்ஃபைப் பார்ப்பதே இல்லை. கம்ப்யூட்டர் சொல்லும் எண்ணைத்தான் பார்க்கிறார். அந்த எண் தப்பாக இருந்தால் எல்லாமே தப்பாகப் போகும். அதனால்தான் எண்ணச் சொன்னேன்.

பாகான்_மளிகை (புதன், மதியம் 1.10)

எண்ணிவிட்டேன். மீன் கறித்தூள் கம்ப்யூட்டரில் 43. கையில் 1, அதுவும் ரேக்குக்குப் பின்னால் விழுந்து கிழிந்து கிடந்தது. இறைச்சிக் கறித்தூள் கம்ப்யூட்டரில் 106, கையில் 148. இரண்டு முறை எண்ணினேன், மனைவியும் ஒருமுறை எண்ணினார். திருட்டு போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. நாற்பது பாக்கெட் மீன் கறித்தூளை யார் திருடுவார்?

பிறை_கிடங்கு (புதன், மதியம் 1.35)

யாரும் திருடவில்லை அண்ணே. மீனில் 42 குறைகிறது, இறைச்சியில் 42 கூடுகிறது. கம்ப்யூட்டரில் இரண்டையும் கூட்டினால் 149, கையில் இருப்பதைக் கூட்டினாலும் 149. ஒரு பாக்கெட்கூடக் காணாமல் போகவில்லை, பெயர்தான் மாறியிருக்கிறது.

இரண்டும் ஒரே விலையா, ஒரே அளவா? கல்லாவில் புதிதாக யாராவது சேர்ந்திருக்கிறார்களா?

பாகான்_மளிகை (புதன், மதியம் 1.50)

ஒரே விலை. பாக்கெட்டும் ஒரே மாதிரி, படம் மட்டும் வேறு. ஆமாம், ஒரு பெண் சேர்ந்து கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆகிறது. நல்ல பிள்ளை, வேகமாக வேலை செய்வாள்.

பிறை_கிடங்கு (புதன், மதியம் 2.30)

அந்த வேகம்தான் காரணம். அவர் மேல் கோபப்பட வேண்டாம், யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். வாடிக்கையாளர் இரண்டு இறைச்சி, ஒரு மீன் வாங்கிக்கொண்டு வருகிறார். விலை ஒன்றுதானே என்று ஒரு இறைச்சிப் பாக்கெட்டை ஸ்கேன் செய்து எண்ணிக்கையில் 3 அழுத்தியிருப்பார். கல்லாவில் காசு சரியாக இருக்கும். ஸ்டாக்கில் மட்டும் ஒரு மீன் பாக்கெட் வெளியே போகாத மாதிரி நிற்கும்.

இப்போது இது எப்படி வளர்ந்தது என்று பாருங்கள். இரண்டுமே உண்மையில் நாளுக்கு எட்டு பாக்கெட் போகிறது என்று வைத்துக்கொள்வோம். தினம் இரண்டு மீன் பாக்கெட் இறைச்சியாகப் பதிவானால், மூன்று வாரத்தில் 42 ஆகிவிடும். அதே மூன்று வாரத்தில் மீன் நாளுக்கு ஆறுதான் விற்கிறது, இறைச்சி பத்து விற்கிறது என்று சப்ளையரின் கணக்கு நம்பத் தொடங்கும்.

உங்கள் லோரி நாளை வைத்துப் பார்த்தால், வியாழன் இரவு எடுத்த முடிவு சனிக்கிழமை வந்து சேரும். அடுத்த முடிவு திங்கள் இரவு, அது வருவது புதன் காலை. ஆகவே வியாழன் இரவு கணக்குப் போடுகிறவர் வெள்ளி முதல் செவ்வாய் வரை ஐந்து நாள் விற்பனைக்குச் சாமான் போதுமா என்று பார்க்க வேண்டும். ஒரு நாள் பாதுகாப்புக்கு. மொத்தம் ஆறு நாள். மீன் கறித்தூளுக்கு ஆறு நாள் என்றால் 48 இருக்க வேண்டும், அதற்குக் கீழே போனால் அனுப்ப வேண்டும். ஆனால் கணக்கு நாளுக்கு ஆறு என்று நம்புவதால் அந்தக் கீழ் வரம்பு 36 ஆகிவிட்டது. கம்ப்யூட்டர் 43 காட்டுகிறது. 36க்கு மேலே இருக்கிறது, அனுப்பத் தேவையில்லை. ஷெல்ஃபில் ஒன்றும் இல்லை.

இதில் மோசமானது அடுத்த கட்டம். ஷெல்ஃபில் இல்லாததால் மீன் கறித்தூள் விற்காது. விற்காததால் அந்த 43 குறையவே குறையாது. நாட்கள் போகப் போக விற்பனைச் சராசரி இன்னும் இறங்கும், வரம்பும் இறங்கும். நீங்கள் எண்ணாமல் விட்டிருந்தால் அந்தச் சாமான் உங்கள் கடையில் ஒருபோதும் திரும்பி வந்திருக்காது. நான் இதே கதையை வேறு கடையில் அப்பளத்தில் பார்த்திருக்கிறேன், இரண்டு மாதம் காலியாகவே கிடந்தது.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தினமும் விற்கிற சாமான் ஒன்று, கம்ப்யூட்டரில் ஸ்டாக் இருக்கிறது என்று காட்டி, இரண்டு மூன்று நாள் ஒன்றுகூட விற்கவில்லை என்றால் உடனே ஷெல்ஃபைப் போய்ப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் தினமும் காலையில் முதல் வேலையே இந்தப் பட்டியலை எடுத்துக் கடைகளுக்குப் போன் செய்வதுதான். உங்கள் சப்ளையர் செய்யவில்லை. கம்ப்யூட்டர் போட்ட ஆர்டரை அப்படியே லோரியில் ஏற்றுகிறார்கள் என்று தெரிகிறது. உங்களிடம் முடிவெடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டவர்கள் இதைப் பார்க்கத்தான் வேண்டும். அந்தத் தவறு அவர்களுடையது.

லெபோ_பாசார்_பெரியவர் (புதன், மாலை 5.05)

சரி, ஸ்கேன் தப்பு என்றே வைத்துக்கொள். 42தான் கூடுதல் என்றால் இறைச்சிக் கறித்தூள் கம்ப்யூட்டரிலேயே 106 ஏன் இருக்கிறது? நாளுக்குப் பத்து என்றாலும் பத்து நாள் சாமான். வாரத்துக்கு இரண்டு லோரி வரும் கடைக்கு எதற்குப் பத்து நாள் சாமான்? தம்பி, கடைசியாக எப்போது, எத்தனை பெட்டி இறங்கியது என்று டி.ஓ.வை எடுத்துப் பார்.

பாகான்_மளிகை (புதன், மாலை 6.30)

பார்த்தேன் ஐயா. கடைசி லோரியில் இரண்டு பெட்டி. பெட்டிக்கு 24, ஆக 48. அனுப்பும் முடிவை எடுத்த இரவு கம்ப்யூட்டரில் ஸ்டாக் 70க்கு மேல் இருந்திருக்கிறது. இறங்கிய தேதி மாதத்தின் கடைசி நாளுக்கு முந்தைய நாள்.

பிறை_கிடங்கு (புதன், மாலை 7.15)

பெரியவர் கேட்டது சரியான கேள்வி, நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தப்பான கணக்குப்படியே வைத்தாலும் நாளுக்குப் பத்து, ஆறு நாளுக்கு 60தான் கீழ் வரம்பு. 70 இருக்கும்போது ஒரு பெட்டிகூடப் போயிருக்கக் கூடாது. யாரோ கையால் சேர்த்திருக்கிறார்கள், அல்லது வரம்பையே உயர்த்தியிருக்கிறார்கள். இந்தத் தொழிலில் இது நடக்கிறது, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மாதக் கடைசியில் விற்பனைப் பிரிவு வந்து எங்கள் மேசையில் நிற்கும். வி.எம்.ஐ. கடையில்தான் கேட்காமலே ஏற்ற முடியும், அதனால் முதல் கண் அங்கேதான் போகும்.

இது ஒருமுறை நடந்ததா, வழக்கமா என்று தெரிந்துகொள்ள எட்டு மாத டி.ஓ.க்களையும் எடுங்கள். மாதத்தின் கடைசி வாரத்தில் வந்த பெட்டிகளையும் மற்ற வாரங்களில் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நியாயமாக நடந்தால் வந்தது விற்றதை ஒட்டியே இருக்கும். கடைசி வாரம் மட்டும் உயர்ந்து, அடுத்த மாதம் முதல் வாரம் காலியாக இருந்தால் பெரியவர் சொல்வதுதான்.

பாயான்_லெப்பாஸ்_தேவி (புதன், இரவு 9.00)

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எங்களுக்கு ஸ்குரூ, நட்டு மாதிரியான சின்னச் சாமான்கள் இப்படித்தான் வருகின்றன. லைனுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொட்டி. ஒன்று காலியானால் சப்ளையரின் ஆள் வந்து காலித் தொட்டியின் பார்கோடை ஸ்கேன் செய்து நிரப்புவார். எண்ணிக்கைத் தகராறே வராது, காலித் தொட்டிதான் சாட்சி. கடையில் அப்படிச் செய்ய முடியாது என்று புரிகிறது.

நான் எழுத வந்தது பெரியவர் சொன்ன இன்னொரு விஷயத்துக்காக. ஐயா, விற்கும்வரை சாமான் அவர்களுடையது என்பது எல்லா வி.எம்.ஐ.யிலும் இல்லை. எங்கள் தொழிற்சாலையில் லைன் எடுக்கும்வரை ஸ்குரூ சப்ளையருடையதுதான், அது எங்கள் ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருக்கிறது. யார் அளவை முடிவு செய்வது என்பது ஒன்று, யாருடைய சொத்து என்பது வேறொன்று. பாகான் அண்ணே, உங்கள் ஒப்பந்தத்தில் சாமான் எப்போது உங்களுடையதாகிறது என்று பாருங்கள். பார்க்காமல் லோரியில் திருப்பி ஏற்றிவிடாதீர்கள்.

பாகான்_மளிகை (வியாழன், காலை 9.40)

பார்த்தேன் அக்கா. டி.ஓ.வில் கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து என்னுடையது. முப்பது நாளில் பணம் கட்ட வேண்டும். திருப்புவதைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, பழுதான பாக்கெட்டுக்கு மட்டும். அதிகமாக வந்ததைப் பற்றி ஒன்றுமே இல்லை. மேல் வரம்பு என்ன, அதை யார் மாற்றலாம் என்பதும் இல்லை. கையெழுத்துப் போடும்போது இதையெல்லாம் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2025 தீபாவளிக்கு நெய்யும் முறுக்கு மாவும் எனக்குச் சரியாகவே வரவில்லை. பண்டிகைக்கு முந்தைய வாரம் பக்கத்துக் கடையில் கடன் வாங்கி விற்றேன். தீபாவளி முடிந்த பிறகு ஏழு பெட்டி முறுக்கு மாவு வந்து இறங்கியது. அதுவும் ஸ்கேன் தப்பா?

பிறை_கிடங்கு (வியாழன், மதியம் 12.20)

அது ஸ்கேன் தப்பில்லை, காலண்டர் தப்பு. 2024இல் தீபாவளி அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. போன வருடம் இதே வாரம் என்ன விற்றதோ அதை வைத்து இந்த வருடத்தைக் கணிக்கிற கணக்கு, உங்கள் கூட்டத்தைப் பதினொரு நாள் தள்ளி எதிர்பார்த்துக் காத்திருக்கும். கூட்டம் வந்து போன பிறகு மாவு வரும். நோன்புப் பெருநாளும் இப்படி வருடா வருடம் பதினொரு நாள் அளவுக்கு முன்னால் வந்துகொண்டே இருக்கும். 2026இல் தீபாவளி நவம்பர் 8, அதனால் தவறு மறுபக்கம் போகும். அக்டோபர் நடுவிலேயே மாவு வந்து மூன்று வாரம் உங்கள் பணத்தை முடக்கிக் கிடக்கும்.

பண்டிகைச் சாமானை மட்டும் நீங்கள் அவர்களிடம் விடாதீர்கள். ஆறு வாரத்துக்கு முன்பே, எந்தச் சாமான், எத்தனை பெட்டி, எந்த லோரியில் வர வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். உங்கள் தெருவில் யார் எப்போது முறுக்கு சுடத் தொடங்குவார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் பாதையில் இருக்கும் கடைகளுக்கும் நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். அந்த இரண்டு நாள் விற்பனையைச் சாதாரண கணக்கிலிருந்தே நீக்கிவிடுவோம், இல்லையென்றால் அடுத்த வாரமும் பால் பெட்டி குவியும்.

கறித்தூளைச் சரிசெய்யும்போது ஒரு எச்சரிக்கை. 43ஐ 1 ஆக்குவதற்காக 42 பாக்கெட்டை விற்ற மாதிரி கல்லாவில் அடித்துவிடாதீர்கள். சிலர் அப்படிச் செய்வார்கள். ஒரே நாளில் 42 விற்றது என்று சப்ளையர் கணக்கு நம்பி அடுத்த லோரியில் உங்களை மூழ்கடிக்கும். ஸ்டாக் திருத்தம் என்று தனியாகப் போடுங்கள். போடுவதற்கு முன் அவர்களுக்குச் சொல்லி, மீன் கறித்தூள் இல்லாமல் கிடந்த நாட்களைச் சராசரியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு தூளின் தினசரி விற்பனையையும் எட்டு எட்டாக மாற்றச் சொல்லுங்கள்.

லெபோ_பாசார்_பெரியவர் (வியாழன், மாலை 4.45)

தேவி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், எனக்கு வந்த சாமான்கள் எல்லாம் விற்ற பிறகு காசு என்ற பழக்கத்தில் வந்தவை, அதை வைத்துப் பேசிவிட்டேன். ஆனால் மற்றதில் என் எண்ணம் மாறவில்லை. எட்டு மாதத்தில் இந்தத் தம்பிக்கு மீன் கறித்தூள் வாரத்துக்கு எத்தனை போகும் என்பதே மறந்திருக்கிறது. ஆர்டர் போடும் கை ஒரு வருடம் சும்மா இருந்தால் பிறகு நாமே திரும்ப எடுக்க நினைத்தாலும் முடியாது. அவனுக்கு அது தெரியும்.

பிறை_கிடங்கு (வியாழன், மாலை 6.10)

அந்தப் பயம் நியாயமானது ஐயா. ஆனால் இந்த ஏற்பாட்டில் கடைக்கு உண்மையான லாபமும் இருக்கிறது. முன்பு அண்ணன் ஒரு வாரம் ஐந்து பெட்டி, அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று ஆர்டர் போட்டிருப்பார். வாடிக்கையாளர் தினமும் சீராகத்தான் வாங்கியிருப்பார், எங்கள் கண்ணுக்கு மட்டும் அது ஏறி இறங்கித் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து கிடங்கில் கூடுதலாக வைப்போம், அந்தச் செலவு கடைசியில் விலையில் ஏறும். தினசரி விற்பனை தெரிந்தால் குறைவான ஸ்டாக்கிலேயே ஷெல்ஃபை நிரப்பி வைக்க முடியும். 1980களில் அமெரிக்காவில் வால்மார்ட்டும் பிராக்டர் அண்ட் கேம்பிளும் குழந்தை டயப்பரில் இதைச் செய்து பார்த்ததும் இதற்காகத்தான்.

பாயான்_லெப்பாஸ்_தேவி (வியாழன், இரவு 8.30)

அவர்கள் இரண்டு பேரும் சமமான பலம் உள்ளவர்கள். ஒருவர் ஏமாற்றினால் மற்றவர் தட்டிக் கேட்க முடியும். இரண்டு கடை வைத்திருப்பவர் கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் எனக்குக் கவலை. இன்னொன்று, அண்ணே, உங்கள் விற்பனை விவரத்தில் அவர்கள் சாமான் மட்டும்தான் போகிறதா, மற்ற பிராண்டும் போகிறதா?

பாகான்_மளிகை (வியாழன், இரவு 9.15)

எல்லாமே போகிறது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். மற்ற பிராண்ட் கறித்தூள் என்ன விலையில் எத்தனை விற்கிறது என்பது உட்பட. கேட்டால், முழு வகையும் தெரிந்தால்தான் கணிப்பு சரியாக வரும் என்கிறார்கள். உண்மையா?

பிறை_கிடங்கு (வியாழன், இரவு 10.00)

பாதி உண்மை. பக்கத்து பிராண்ட் விலை குறைத்தால் எங்கள் சாமான் விற்பனை இறங்கும், அது தெரிந்தால் கணிப்பு நன்றாக வரும்தான். ஆனால் அதே விவரத்தை வைத்து எங்கள் விற்பனைப் பிரிவு வேறு காரியமும் செய்யலாம். நாங்கள் எங்கள் சாமானுக்கு மட்டும்தான் வாங்குகிறோம். என் மேலாளர் இதில் என்னோடு ஒத்துப்போக மாட்டார்.

லெபோ_பாசார்_பெரியவர் (வியாழன், இரவு 10.20)

கொடுக்காதே தம்பி. மற்ற பிராண்ட்காரனும் உன்னை நம்பித்தான் சாமான் இறக்குகிறான்.

பாகான்_மளிகை (இரண்டு வாரம் கழித்து, சனி, இரவு 10.50)

நடந்ததைச் சொல்கிறேன். எட்டு மாத டி.ஓ.வையும் மனைவியோடு உட்கார்ந்து பிரித்தேன். எட்டில் மூன்று மாதக் கடைசியில் விற்றதைவிடத் தெளிவாக அதிகம் வந்திருக்கிறது, மற்ற ஐந்தில் அப்படி இல்லை. அந்த மூன்று மாத டி.ஓ.க்களை மேசையில் வைத்துப் பேசினேன். முதலில் மழுப்பினார்கள். பிறகு இரண்டு விஷயத்துக்கு எழுத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் மேல் வரம்பு ஒரு தாளில் இருக்கும், என் கையெழுத்து இல்லாமல் மாற்ற முடியாது. அந்த வரம்புக்கு மேல் இறங்கினால் அடுத்த லோரியில் அவர்கள் செலவில் திரும்பும். இறைச்சிக் கறித்தூளில் இரண்டு பெட்டி ஏற்கெனவே போய்விட்டது. பண்டிகைச் சாமானை இனி நான் தனியாக எழுதிக் கொடுப்பேன்.

மற்ற பிராண்ட் விவரத்தை நிறுத்துவதில் இன்னும் இழுபறிதான். நிறுத்தினால் விலைக் கழிவைக் குறைப்போம் என்கிறார்கள்.

கல்லாவில் அந்தப் பிள்ளையிடம் கறித்தூளில் மட்டும் எண்ணிக்கை பட்டனைத் தொட வேண்டாம், ஒவ்வொரு பாக்கெட்டாக ஸ்கேன் செய்யச் சொல்லியிருக்கிறேன். திங்களும் வியாழனும் விவரம் போவதற்கு முன் பத்து சாமானைக் கையால் எண்ணுகிறோம். இந்த வியாழன் எண்ணும்போது அவளே கூப்பிட்டாள், "அண்ணே, ரசப்பொடி கம்ப்யூட்டரில் 17 இருக்கு, ஷெல்ஃபில் 9தான் இருக்கு, சாம்பார் பொடியையும் எண்ணட்டுமா?"